இரவு 1.40க்கு ஓடுற சண்டையும் பின்னேரம் 4.45க்கு மூடுற கொப்பியும்

பகல் ஆரோடயோ வாக்குவாதப்பட்டு, அந்த நேரம் ஒரு வார்த்தையும் வாயில வராமல் நிண்டிட்டு, இரவு படுத்த உடன "அப்பிடிச் சொல்லியிருக்கலாம், இப்பிடிக் கேட்டிருக்கலாம்" எண்டு வசனம் வசனமா வருமே, அதைப் பற்றித்தான் இது. ஏன் அப்பிடி வருது, வேலையால வெளிக்கிட முதல் 15 நிமிசம் என்ன செய்தா அது குறையும், எங்க அது வேலை செய்யாது எண்டு நான் பட்டு, வாசிச்சு விளங்கினதை எழுதுறன். ஒரு சம்பவத்தை வச்சே சொல்லுறன், ஏனெண்டா இதைப் பொதுவாச் சொன்னா "மனசை அமைதியா வச்சிருங்கோ" எண்டுறதோட முடிஞ்சிடும், அதால ஒருத்தருக்கும் பிரயோசனமில்லை.

நான் மாங்குளப் பக்கம் ஒரு அரிசி ஆலையில கணக்கு எழுதுறன், வீடு கிளிநொச்சியில. காலபோக அறுவடை முடிஞ்சு பெப்ரவரி, மார்ச்சில நெல்லு வரத் தொடங்கினா எங்களுக்கு மூச்சு விட நேரமிராது. நெல்லு கொள்வனவு செய்யேக்க ஈரம் பாக்கிற மீற்றரால பாப்பினம், 14 வீதத்துக்கு மேல ஈரமெண்டா அதுக்கேத்த மாதிரி நிறையில கழிவு போடுவினம். ஒருநாள் ஒரு பெரியையா 1000 கிலோ கொண்டந்தவர். ரோட்டுக் கரையில படங்கு விரிச்சு ரெண்டு நாள் காயப்போட்டதாம். மீற்றர் 18 எண்டு காட்டிச்சு. 18இல இருந்து 14க்கு இறக்கினா 1000 கிலோ 953 கிலோ சொச்சமாகும், அதாவது 46 கிலோவுக்கு மேல கழிவு. நான் அதை எழுத, அவர் என்ர முகத்தைப் பாத்து "பிள்ளை, நீயும் அவையோட சேர்ந்திட்டியோ" எண்டார். சுத்திவர ஆக்கள் நிக்கினம், மனேச்சர் பக்கத்தில நிண்டும் வாய் திறக்கேல்லை. நான் "மீற்றர் காட்டுறதைத்தானே ஐயா எழுதுறன்" எண்டு மட்டும் சொன்னனான்.

அண்டைக்கு இரவு 1.40க்கு நான் முழிச்சுக்கொண்டு கிடந்து அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தனான். முதல் சுற்றில மரியாதையா விளங்கப்படுத்தினன், ரெண்டாம் சுற்றில கொஞ்சம் சூடா, மூண்டாம் சுற்றில மனேச்சரைப் பிடிச்சு ஏசினன், நாலாவதில திரும்ப முதல்ல இருந்து. நெஞ்சு அடிக்குது, தாடை இறுகிப்போய்க் கிடக்கு, சண்டை அந்த றூமுக்குள்ளயே நடக்கிற மாதிரி. விடிய எழும்பினா தலையிடி. இது மூண்டு இரவு நடந்தது.

இதில முதல் விளங்கவேண்டியது, யோசிக்கிறது வேற, சுத்துறது வேற. ரெண்டும் உள்ளுக்குள்ள இருந்து பாத்தா ஒரேமாதிரித்தான் இருக்கும், "நான் இதைத் தீர்க்கப் பாக்கிறன்" எண்டுதான் மனம் எங்களுக்குச் சொல்லும். பிரிச்சறிய ஒரு வழி இருக்கு: கடைசிப் பத்து நிமிசத்தில புதுசா ஏதும் வந்ததோ எண்டு பாருங்கோ. புது விசயம், புது முடிவு, நாளைக்குச் செய்யக்கூடிய ஒரு காரியம், ஏதாவது. ஒண்டும் வராமல் அதே வசனம் அதே குரலில மூண்டாந்தரம் வருதெண்டா அது யோசனையில்லை, சுத்துறது. வேலைக்குப் பிறகு வாற நினைப்புகளை ஆராயிறவையும் இந்த ரெண்டையும் பிரிச்சுத்தான் பாக்கினம், ஒண்டு பிரச்சினைக்கு வழி தேடுற நினைப்பு, மற்றது கோவமும் வேதனையுமா வாற நினைப்பு. நித்திரையையும் அடுத்த நாள் உசாரையும் கூடக் கெடுக்கிறது ரெண்டாவதுதான்.

சரி, ஏன் சுத்துது? அரைகுறையில நிக்கிற விசயத்தை மனம் கையை விட மாட்டுது எண்டது பழைய கண்டுபிடிப்பு. புளூமா செய்கார்னிக் எண்ட உளவியலாளர் பெர்லினில செய்து 1927இல வெளியிட்ட ஆய்வில, ஆக்களுக்குச் சின்னச் சின்ன வேலை குடுத்துப் பாதியை இடையில நிப்பாட்டிப் பாத்தவ. முடிச்ச வேலையை விட இடையில நிண்ட வேலைதான் அவைக்குக் கூட ஞாபகமிருந்தது. பிறகு வேற ஆக்கள் திருப்பிச் செய்து பாக்க அந்த ஞாபக வித்தியாசம் எல்லா இடத்திலயும் அப்பிடியே வரேல்லை, அதையும் சொல்லத்தான் வேணும். ஆனா பாதியில நிண்டதுக்குத் திரும்பிப் போக மனம் இழுக்கிறது உறுதியாத்தான் தெரியுது. அடுப்பில பால் வச்சிட்டு முத்தத்தில நிண்டு கதைக்கிற மாதிரி, வாய் கதைச்சாலும் காது குசினிக்குள்ளதான்.

ஒரு வாக்குவாதம் எண்டது பாதியில நிண்ட வேலையிலயே மோசமானது, ஏனெண்டா அதுக்கு "முடிஞ்சுது" எண்டு ஒரு இடமே இல்லை. கணக்குப் புத்தகம் கூட்டி முடிஞ்சா முடிஞ்சுது. சண்டை அப்பிடியில்லை. அவர் போட்டார், நான் நிண்டன், ஒருத்தரும் ஒண்டும் முடிக்கேல்லை. அதால மனம் இரவிரவா அந்த முடிவை எழுதப் பாக்குது.

"நினைக்காத, விடு" எண்டு சொல்லுறது உதவாது. 1987இல டானியல் வெக்னர் எண்ட ஆராய்ச்சியாளர் ஆக்களிட்ட வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்க வேண்டாம் எண்டு சொல்லிப் பாத்தவர், அவைக்கு அந்தக் கரடி திரும்பத் திரும்ப வந்தது, தடையை எடுத்த பிறகு இன்னும் கூட வந்தது. ஆனபடியால் துரத்துறதில பிரயோசனமில்லை, கதவை மூட வேற வழி வேணும்.

அந்த வழியைத்தான் 2011இல மாசிகம்போ, போமைஸ்டர் எண்ட ரெண்டு பேர் காட்டினவை. முடியாமல் கிடக்கிற காரியம் உள்ள ஆக்களை ஒரு கதை வாசிக்க விட, அந்தக் காரியம் இடையில இடையில வந்து குழப்பினது. ஆனா "இதை எப்ப, எப்பிடிச் செய்யப்போறன்" எண்டு திட்டமா எழுதின ஆக்களுக்கு அந்தக் குழப்பம் வரேல்லை. காரியம் இன்னும் செய்யேல்லை, திட்டம் மட்டும்தான் எழுதினது, அதுவே மனத்துக்குக் காணும். எனக்கு இதுதான் பெரிய செய்தியா இருந்தது. வேலையை முடிச்சாத்தான் நிம்மதியெண்டு நினைச்சிருந்தன், வேலை எங்க முடியிறது.

இனி அந்த 15 நிமிசத்துக்கு வருவம். எங்கட ஆலை 5 மணிக்குப் பூட்டும், நான் போனில 4.45க்கு அலாம் வச்சிருக்கிறன். அந்தச் சத்தத்தோட புது வேலை ஒண்டும் தொடங்கிறேல்லை. ஒரு 80 பக்கக் கொப்பி, அதில அண்டைய திகதி போட்டு மண்டைக்குள்ள கிடக்கிற எல்லாத்தையும் கொட்டுறன். சாக்கு முடியுது, கரண்ட் பில்லு, லொறிக்காரருக்கு மிச்சக் காசு, பெரியையாவின்ர கதை, எல்லாம். இதுக்கு மூண்டு நாலு நிமிசம் காணும். பிறகு ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில அடுத்த முதல் அடி என்ன, எத்தினை மணிக்கு எண்டு எழுதுறன். இதுதான் முழு விசயத்தின்ர நெஞ்சு, இதில சோம்பல் பட்டா மிச்சமெல்லாம் சும்மா.

ஏனெண்டா முதல் கிழமை நான் எழுதினது "மீற்றர் பிரச்சினையைப் பாக்கோணும்" எண்டு. அண்டைக்கு இரவும் முழிப்புத்தான். எப்ப பாக்கிறது, ஆர் பாக்கிறது, என்னத்தைப் பாக்கிறது எண்டு ஒண்டுமே அதில இல்லையே, மனம் அதை எப்பிடி நம்பும். அடுத்தநாள் இப்பிடி மாத்தி எழுதினன்: "நாளைக்கு விடிய 8.15க்கு, ஆக்கள் வர முதல், சாக்கில இருந்து மூண்டு மாதிரி நெல்லு எடுத்து எங்கட மீற்றரில பாத்துப் பதியிறது, 9 மணிக்குப் பக்கத்து ஆலைக்குக் கொண்டுபோய் அவையின்ர மீற்றரில பாக்கிறது. போக முதல் மனேச்சரிட்டச் சொல்லுறது." அண்டைக்கு இரவு அது வந்ததுதான், ஆனா வந்த உடன "அது 8.15க்கு" எண்டு சொன்னன், போட்டுது. பேலர் பல்கலைக்கழகத்தில 2018இல 57 இளம் ஆக்களை வச்சுச் செய்த ஆய்விலயும் இதேதான். படுக்க முதல் 5 நிமிசம், செய்யவேண்டியதை எழுதின ஆக்கள், செய்து முடிச்சதை எழுதின ஆக்களை விடக் கிட்டத்தட்ட 9 நிமிசம் கெதியா நித்திரையாப் போனவை, அதிலயும் விளக்கமா எழுதினவை இன்னும் கெதியா. ஒரே ஒரு இரவு, சுகமான இளம் ஆக்கள், அவ்வளவுதான், அதை வச்சு எல்லாருக்கும் 9 நிமிசம் எண்டு அடிச்சுச் சொல்லேலாது. ஆனா விளக்கமா எழுதுறதுதான் வேலை செய்யுது எண்டது என்ர கொப்பியும் சொன்ன விசயம்.

வாக்குவாதத்துக்கு மட்டும் கூட ஒரு வேலை இருக்கு. அதுக்குள்ள ரெண்டு சாமான் சேர்ந்து கிடக்கும், ஒண்டு காரியம், மற்றது காயம். காரியத்துக்குத் திட்டம் எழுதலாம், காயத்துக்கு எழுதேலாது. பெரியையாவின்ர கதையில மீற்றர் சரியோ பிழையோ எண்டது காரியம். "நீயும் அவையோட சேர்ந்திட்டியோ" எண்டது காயம். ரெண்டையும் பிரிக்காமல் ஒரே வசனமா எழுதினா காரியத்துக்கு எழுதின திட்டமும் காயத்துக்குள்ள அமிழ்ந்துபோகும். நான் அதைப் பக்கத்தின்ர அடியில தனியா மூண்டு வரியில எழுதுவன். முதல் வரி, சொன்ன வார்த்தை மட்டும், என்ர விளக்கம் சேர்க்காமல். "திமிராச் சொன்னார்" எண்டெல்லாம் இல்லை, என்ன சொன்னாரோ அது. ரெண்டாவது வரி, என்னையே மூண்டாம் ஆளா வச்சு: "கணக்குப் பிள்ளைக்கு அந்த நேரம் வெக்கமாப் போட்டுது, ஏனெண்டா அவளின்ர அப்பாவும் வெள்ளாமை செய்தவர், அவள் அந்தப் பக்கமெண்டு தன்னை நினைச்சிருந்தவள்." மூண்டாவது வரி, இதில நாளைக்குச் செய்ய ஏதும் இருக்கோ, இல்லையோ. இருந்தா நேரத்தோட. இல்லையெண்டா "இதில செய்ய ஒண்டுமில்லை" எண்டே எழுதுறது. அதுவும் ஒரு முடிவுதான், எழுதாமல் விட்டா மனம் அதைத் தேடிக்கொண்டே இருக்கும்.

அந்த ரெண்டாவது வரி எழுதேக்க கண்ணீர் வந்திட்டுது, உண்மையைச் சொல்லுறன். மூண்டு இரவா நான் மீற்றரைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டு கிடந்தன், நொந்தது மீற்றரே இல்லை. தன்னை வெளியில நிண்டு பாக்கிற மாதிரி எழுதினா சூடு குறையும் எண்டு இதை ஆராய்ஞ்சவையும் சொல்லுகினம், "நான் நான்" எண்டு எழுதேக்க திரும்ப அந்த இடத்திலயே போய் நிக்கிறம், பேரை வச்சோ "அவள்" எண்டோ எழுதேக்க கொஞ்சம் தள்ளி நிண்டு ஏன் அப்பிடி நொந்ததெண்டு பாக்க முடியுது. ஆனா மூண்டு வரிக்கு மேல எழுதாதேங்கோ. பக்கம் பக்கமா எழுதினா அதுவும் சுத்துறதுதான், பேனையால சுத்துறது.

எழுதி முடிய, நாளைக்கு விடிய முதல் செய்யிற ஒரு வேலைக்கு வட்டம் போடுறன். பிறகு கை வேலை: மீற்றரைப் பெட்டிக்குள்ள வச்சு, பேரேட்டை மூடி, கொப்பியை லாச்சிக்குள்ள போட்டுத் திறப்புப் போட்டு, வாய் விட்டு "இண்டையான் கணக்கு மூடியாச்சு" எண்டு சொல்லுறன். கொப்பி வீட்டுக்கு வராது. முதல் நாள் சொல்ல வெக்கமாத்தான் இருக்கும். ஆனா ஒவ்வொரு நாளும் அதே ஒழுங்கில அதே சத்தத்தோட செய்தா, ரெண்டு மூண்டு கிழமையில அந்த வசனத்தோட உடம்பே இளகிறது தெரியும், தோள் ரெண்டும் கீழ இறங்கும்.

வன்னியில இருக்கிற ஆக்களுக்கு இது புதுசில்லை. ஏ9 ரோட்டில போற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில நிக்கும், இறங்கி கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினாத்தான் பயணத்தின்ர மற்றப் பாதி தொடங்கும். இவ்வளவு தூரம் வந்தது ஒரு பக்கம், இனிப் போறது மற்றப் பக்கம். நானும் ஸ்கூட்டியை அதில நிப்பாட்டுறன். அதுவரைக்கும் ஆலைக் கதை ஓடினா ஓடட்டும் எண்டு விடுவன், அங்கால வீட்டுக் கதை, பின்னேரச் சமையல், சின்னவனின்ர கணக்கு கொப்பி. கும்பிடாத ஆக்கள் ஒரு பாலத்தையோ ஒரு தேத்தண்ணிக் கடையையோ வச்சுக்கொள்ளலாம், இடம் எப்பவும் ஒண்டா இருக்கிறதுதான் முக்கியம்.

இதைக் குழப்பிறது என்னெண்டா, எனக்கு முதலாவது வட்ஸ்அப். ஆலைக் குறூப்பில இரவு 9 மணிக்கு மனேச்சர் ஒரு கேள்விக்குறி மட்டும் போடுவார், அது காணும், மூடின கணக்கு முழுக்கத் திறபட்டிடும். நான் குறூப்பை விடிய 7.30 வரைக்கும் சத்தமில்லாமல் வச்சிட்டு, அவசரமெண்டா கோல் எடுங்கோ எண்டு சொல்லிப்போட்டன். அதுக்குப் பிறகு ரெண்டு தரம்தான் கோல் வந்தது. ரெண்டாவது, வீட்டில திரும்பத் திரும்பச் சொல்லுறது. இவரிட்ட ஒருக்காச் சொன்னா மனம் ஆறும், அது நல்லது. அதே கதையைச் சாப்பிடேக்க ஒருக்கா, பாத்திரம் கழுவேக்க ஒருக்கா, லைற் நூத்த பிறகு ஒருக்கா எண்டு சொன்னா ஒவ்வொரு தரமும் சண்டை புதுசாகும், கேக்கிற ஆளுக்கும் கோவம் ஏறி அவர் "நான் நாளைக்கு வந்து கேக்கட்டோ" எண்டுவார். மூண்டாவதுதான் பெரிசு: எழுதின நேரத்துக்குச் செய்யாமல் விடுறது. 8.15 எண்டு எழுதிப்போட்டு ரெண்டு நாள் செய்யாமல் விட்டா, மூண்டாம் நாள் இரவு "அது 8.15க்கு" எண்டு சொல்ல மனம் நம்பாது. செய்ய ஏலாமப் போனா அடுத்த நாள் கொப்பியில வெட்டிப்போட்டுப் புது நேரம் எழுதோணும், பேசாமல் விடக்கூடாது.

இவ்வளவு செய்தும் சில இரவு முழிப்பு வரும். அப்ப மணிக்கூடு பாக்காதேங்கோ, போனை எடுக்காதேங்கோ. கட்டிலுக்குப் பக்கத்தில ஒரு துண்டும் பென்சிலும் கிடக்கட்டும், புதுசா ஏதும் வந்தா ஒரு சொல்லு எழுதிப்போட்டுக் கண்ணை மூடலாம். ஒரு 20 நிமிசம் அளவில நித்திரை வராத மாதிரி இருந்தா பாயில கிடந்து புரளாமல் எழும்பி, வெளிச்சம் குறைஞ்ச இடத்தில இருந்து, உணர்ச்சியில்லாத ஏதாவது செய்து, கண் சொருகேக்கதான் திரும்பப் படுக்கிறது. பாயில கிடந்து சண்டை பிடிச்சுப் பழகினா பாயைக் கண்ட உடனயே மனம் சண்டைக்குத் தயாராகும், அந்தப் பழக்கத்தைத்தான் உடைக்கிறம்.

மீற்றர் கதையின்ர முடிவையும் சொல்லுறன். பக்கத்து ஆலை மீற்றரை விட எங்கடது மூண்டு மாதிரிக்கும் 1 வீதம் கூடக் காட்டினது. அப்ப பெரியையாவின்ர நெல்லு 17, கழிவு 46 இல்லை, கிட்டத்தட்ட 35 கிலோ. மனேச்சரிட்ட மூண்டு மாதிரியின்ர கணக்கையும் எழுதிக் காட்டினன், மீற்றர் திருத்தக் குடுத்தவை, வித்தியாசமான 11 கிலோ சொச்சத்துக்கு அடுத்த லோட்டோட காசு குடுத்தது. பெரியையா காசை எண்ணி மடியில வச்சிட்டு "சரி பிள்ளை" எண்டார், வேற ஒண்டும் சொல்லேல்லை. காரியம் அதோட முடிஞ்சுது. அந்த வசனம் இண்டைக்கும் இடைக்கிடை வரும், ஆனா வந்து போகும், இருந்து சுத்துறேல்லை.

இனி இதின்ர எல்லை. உங்களை வேலைத்தலத்தில நெடுகலும் ஒருத்தர் அவமானப்படுத்துறார், சம்பளத்தைப் பிடிக்கினம், கை வைக்கினம் எண்டா அதுக்குக் கொப்பி மருந்தில்லை, முறைப்பாடு, தொழில் திணைக்களம், துணைக்கு ஒரு ஆள், இதுகள்தான் அந்த "அடுத்த முதல் அடி". நித்திரைக் குழப்பம் கிழமையில மூண்டு இரவோ அதுக்கு மேலயோ, மூண்டு மாசமா இருந்தா வைத்தியரிட்டக் காட்டுங்கோ, அதுக்கெண்டு முறையான சிகிச்சை இருக்கு.

இன்னொண்டு, எங்கட மண்ணில இதைச் சொல்லாமல் விடேலாது. இரவில வாறது வேலைச் சண்டையில்லை, 2009இல கண்டது, கேட்ட சத்தம், விட்டிட்டு வந்த ஆள் எண்டா அது வேற. அது நினைக்கிறதில்லை, திரும்ப அங்க போய் நிக்கிறது. அதை மூண்டு வரியில எழுதிப் பூட்டப் பாக்காதேங்கோ, தனிய இருந்து எழுதிக் கிளறவும் வேண்டாம். ஆஸ்பத்திரி மனநல கிளினிக்கில கதைக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின்ர 1926க்கு இரவிலயும் எடுக்கலாம்.

பின்னேரம் அவசரத்தில கொப்பியை மறந்து வீட்டுக்கு வந்திட்டீங்களெண்டா, படுக்கிற நேரம் வரைக்கும் விடாமல், இரவுச் சாப்பாட்டுக்கு முதல் குசினி வாசலிலயோ திண்ணையிலயோ இருந்து, பழைய பில்லுத் துண்டின்ர பின்பக்கத்திலயாவது 5 நிமிசம் எழுதுங்கோ. எழுதின துண்டை விடிய வேலைக்குக் கொண்டுபோற பைக்குள்ள வச்சு சிப்பை இழுத்து மூடுங்கோ. பாயடிக்குக் கொண்டுபோக வேண்டாம்.